ஓயாத கட்டுப்பாடு – 9: வராத எண் 76.8

பி.ஐ.டி.யில் வரும் ‘ஐ’, பிழை பூஜ்யமாகும்வரை கூட்டிக்கொண்டே போகும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஹீட்டர் பக்கத்துப் படிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றின் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

பெட்டி எளிமையானது. எல்.எம்.35 சென்சார், ஆர்டுயினோ யூனோ, ஒரு ஹீட்டர். கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி. சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும்; ஆக நமக்கு வேண்டியது 375 மில்லிவோல்ட். யூனோவின் ஏ.டி.சி. 10 பிட், 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரை டிகிரி. அந்த அரை டிகிரிக்குள் வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் புரோகிராமுக்குத் தெரியாது.

375-ஐ 4.88-ஆல் வகுத்தால் 76.8 வருகிறது. வினையே இந்த எண்ணில்தான். ஏ.டி.சி. 76 என்று சொல்லும், இல்லாவிட்டால் 77 என்று சொல்லும், 76.8 அதன் வாயில் வரவே வராது. 76 வந்தால் புரோகிராம் அதை 37.11 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறது, பிழை 0.39. 77 வந்தால் 37.60, பிழை மைனஸ் 0.10. பூஜ்யம் என்ற பிழையே கிடையாது. பூஜ்யம் வராமல் ஓயாத ‘ஐ’ பிறகு எப்படி ஓயும்? சூட்டை ஏற்றும், எண் 77 ஆனதும் மெல்லக் குறைக்கத் தொடங்கும், 76-க்கு விழுந்ததும் மறுபடி ஏற்றும். ‘லிமிட் சைக்கிள்’ என்பது இதுதான்: பெருகவும் செய்யாமல், அடங்கவும் செய்யாமல், ஒரே அளவில் சுற்றிக்கொண்டிருக்கும் சிறு ஊசல்.

என்னை உட்காரவைத்தது அடுத்த கணக்கு. ஊசல் நிலையாக ஓடவேண்டுமென்றால், ஒரு சுற்றில் ‘ஐ’ கூட்டியதும் கழித்ததும் சமமாக இருக்கவேண்டும். ஏற்றும் பிழை 0.39, இறக்கும் பிழை 0.10, நாலுக்கு ஒன்று. ஆகவே ஐந்தில் நான்கு பங்கு நேரம் 77-இலும், ஒரு பங்கு நேரம் 76-இலும் இருந்தால்தான் கணக்கு நேராகும். சராசரி போட்டுப் பாருங்கள்: 76.8! ஏ.டி.சி. சொல்லவே முடியாத எண்ணை, இரண்டு எண்களுக்கு இடையே நேரத்தைப் பங்கிட்டு ‘ஐ’ உண்டாக்கிவிட்டது. திரையில் சராசரி கச்சிதமாக 37.5.

பெட்டிக்குள் நிலவரம் வேறு. ஏ.டி.சி. 76-இலிருந்து 77-க்குத் தாவும் எல்லை 37.6 டிகிரி. நிஜ வெப்பம் அந்த எல்லையைச் சுற்றித்தான் ஆடுகிறது, அதிலும் பெரும்பாலான நேரம் அதற்கு மேலே. திரையின் சராசரி சரியாக இருப்பதே நம்மை ஏமாற்றுகிறது.

இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட முடியாதா? படிப் பிழையை இரைச்சலாகக் கருதிக் கணக்கிடும் முறையை பெல் ஆய்வுக்கூடத்தின் டபிள்யூ. ஆர். பென்னட் 1948-இல் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது. பேச்சு, இசை போலப் பல படிகளைத் தாண்டி ஓடும் சிக்னலுக்கு அது அருமையாகப் பொருந்தும். இரண்டே படிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் வெப்பத்துக்குப் பொருந்தாது. இங்கே பிழை தற்செயலானதல்ல, கட்டுப்பாட்டோடு சேர்ந்தே நடக்கிறது.

பெட்டி ஆடுவது இதனால்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ‘ஐ’யின் அளவைக் குறையுங்கள். அளவு கூடிப்போனதால் வந்த ஆட்டமென்றால் அடங்கிவிடும். படியால் வந்ததென்றால் மெதுவாகும், ஆனால் நிற்காது. பிறகு இலக்கை 76.8-க்குப் பதில் 77 என்ற முழு எண்ணாகக் கொடுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி படிதான். ஆனால் நின்ற வெப்பம் 37.6-க்கும் 38.1-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

படியைச் சிறிதாக்குவதே நல்ல வழி. யூனோவுக்குள்ளேயே 1.1 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் ஒரு படி 0.107 டிகிரி, 37.5 டிகிரி 349-ஆம் படிக்குள் விழும்.

```
analogReference(INTERNAL);
const int target = 349;
```

அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். எனவே நல்ல தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு 349-ஐத் திருத்திக்கொள்ள வேண்டும். பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்தால் இரண்டு பிட் கூடும் என்று சொல்வார்கள். சிக்னலில் ஒரு படி அளவுக்காவது இரைச்சல் இருந்தால்தான் அது பலிக்கும். அமைதியான சென்சார் பதினாறு முறையும் 76 என்றே சொன்னால் சராசரியும் 76-தான்.

ஹீட்டர் பக்கத்துப் படிகள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. ஏ.டி.சி.யை எவ்வளவு நுணுக்கமாக்கினாலும், ஹீட்டரின் ஒரு படி அதைவிடப் பெரிதாக இருந்தால் ஆட்டம் திரும்ப வரும். அதுவரை உங்கள் பெட்டியில் இலக்கைத் தசமத்தில் கொடுத்திருந்தால், அது எந்தப் படியில் விழுகிறது என்று வகுத்துப் பார்த்து வையுங்கள்.