தேதி தப்பினால் தளம் திறக்காது

பழைய மேசைக் கணினியில் குரோம் உலாவி திடீரென எந்தத் தளத்தையும் திறக்காமல் இப்படி மிரட்டும்:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

தமிழில், ‘தளத்தின் சான்றிதழ் தேதி செல்லாது’. பலர் வைரஸ் என்றே பயந்துவிடுகிறார்கள். முதலில் திரை மூலையில் தேதியைப் பாருங்கள். 2015 என்று இருந்தால் கோளாறு அதுதான். இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் அந்தக் கணினியைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்திப் பக்கத்தை மறுபடி திறங்கள்.

சுவிட்சை அணைத்துப் போட்ட மறுநாள் தேதி பழையபடி பின்னால் போகிறதா? மதர்போர்டில் காசு வடிவிலுள்ள 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 வகை. மாற்றிவிடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளம் மட்டும் மறுத்தால், அநேகமாக அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை. அங்கே கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.