விரிசலின் கொள்ளளவும் பழுதுபார்க்கும் பொருளின் அளவும்

கான்கிரீட்டில் தோன்றிய விரிசலை எப்பாக்ஸி பிசினால் நிரப்புமுன், அதன் கொள்ளளவை அறிதல் வேண்டும். நீளம், ஆழம், சராசரி அகலம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஓர் உத்தரத்தில் 3 மீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டர் ஆழமும், அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட விரிசல் இருப்பதாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு 300 கன சென்டிமீட்டர். குழாயிலும் கலத்திலும் தங்கிவிடும் பிசினையும் கருதி, ஏறத்தாழ அரை லிட்டர் கலத்தல் போதும்.

இக்கணக்கு பொருள் வாங்குவதற்கு மட்டுமன்று. வேலையைச் சோதிக்கவும் உதவும். 100 கன சென்டிமீட்டர் உட்சென்றதும் பிசின் ஏறாது நின்றால், உள்ளே தூசி அடைத்திருக்கலாம்; அல்லது ஆழத்தை மிகையாக மதித்திருக்கலாம். ஒரு லிட்டர் சென்றும் நிரம்பவில்லையெனில், பிசின் மறுபுறம் கசிகிறது, அல்லது உள்ளே வெற்றிடம் உண்டு என்க.

பெயர்ந்த பகுதிக்குரிய சாந்தின் அளவைச் செதுக்கிய பின்னரே கணக்கிடுதல் வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள குழி, முதலில் 2.5 சென்டிமீட்டர் ஆழமே காட்டலாம். அப்போது தேவை 6 லிட்டர். துருவேறிய கம்பிக்குப் பின்னால் 2 சென்டிமீட்டர் வரை செதுக்கியதும் ஆழம் 6 சென்டிமீட்டராகும், தேவையும் 14.4 லிட்டராக உயரும்.

வெப்பத்தாலோ பாரத்தாலோ அகன்று சுருங்கும் விரிசலுக்கு இம்முறை பொருந்தாது. கெட்டிப்பட்ட பிசினுக்கு அருகிலேயே கான்கிரீட் மீண்டும் வெடிக்கும்.