கடுமை என்றால் முடியாதா?

டோக்கியோ நிதி இயக்குநர் ஜப்பானிய மொழியில் சொல்கிறார்: "நஷ்டம் 30 ஓகு யென். மார்ச் தவணை கிபிஷீ."

லண்டன் இயக்குநர்கள் தொலைபேசியில் காத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். ஒரு ஓகு பத்துக் கோடி. ஆக 300 கோடி யென், ஆங்கிலத்தில் மூன்று பில்லியன். ஒரு பூஜ்யம் தவறினாலும் முடிவு மாறிவிடும்.

அடுத்தது 'கிபிஷீ'. நேர்ப்பொருள் 'கடுமை'. அலுவலகப் பேச்சில் பல சமயம் 'முடியாது' என்பதற்கான நாசூக்கு. 'கடினம்' என்றால் லண்டன் நம்பிக்கையோடு இருக்கும். 'முடியாது' என்றால் அவருடைய ஊகம் இயக்குநரின் வாக்குமூலமாகிவிடும்.

எண்ணை அப்படியே சொல்கிறார். பிறகு, தன்னைப் படர்க்கையில் குறிப்பிட்டு, இரு மொழியிலும் கேட்கிறார்: "மொழிபெயர்ப்பாளர் தெளிவு கோருகிறார். தவணை தாமதமாகுமா, கட்டவே இயலாதா?"

சற்று மௌனம். "இயலாது."

அதையே, மென்மையாக்காமல், சொல்கிறார்.