தவறிய அழைப்புக்கு ஐந்து வரி பதில்

வேலைக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் அழைப்பார். ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவரால் போனை எடுக்க முடியாத நேரமும் அதுதான்.

கோவையில் ஒரு தொழிற்சாலையின் கணக்காளர் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 11.10-க்கு வந்த அழைப்பை, ஆடிட்டருடன் உட்கார்ந்திருந்ததால் எடுக்கவில்லை. மதியம் திருப்பி அழைத்தால் வரவேற்பறையில் எடுக்கிறார்கள். யார் அழைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிறுவனத்தின் பொது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பல நேரம் இப்படித்தான் ஆகும். அங்கேதான் மின்னஞ்சல் கைகொடுக்கிறது.

ஹெச்.ஆர். முன்பு அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் அதற்கே ‘ரிப்ளை’ கொடுப்பது நல்லது. ஒரே நேரத்தில் பல பதவிகளுக்கு ஆள் தேடுபவருக்கு, நீங்கள் யார், எந்த வேலைக்கு என்பது அதிலேயே விளங்கிவிடும். புதிதாக எழுதினால் தலைப்பில் பதவியும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். நம் கணக்காளர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“வணக்கம். இன்று காலை 11.10-க்கு நீங்கள் அழைத்தபோது எடுக்க இயலவில்லை, மன்னிக்கவும். கணக்காளர் பணி குறித்துப் பேச விரும்புகிறேன். இன்று (செவ்வாய், ஜூன் 10) மாலை 5.45 முதல் 6.30 வரை, நாளை காலை 8.30 முதல் 9.15 வரை, வியாழன் மதியம் 1.15 முதல் 1.45 வரை பேச முடியும். இவற்றில் எது வசதி என்று சொல்லுங்கள். வேறு நேரம் என்றாலும் தெரிவியுங்கள். என் கைபேசி எண் கீழே உள்ளது.”

ஏன் எடுக்கவில்லை என்ற கதை இதில் இல்லை. மன்னிப்பும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. ‘எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்’ என்று எழுதுவது பணிவாகத் தோன்றும். ஆனால் அடுத்த அழைப்பும் மீட்டிங் நடுவில் வந்து நிற்கும். ஒரே ஒரு நேரத்தைச் சொன்னால் அது அவருக்குத் தோதுப்படாமல் போகலாம். வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று இடைவெளிகளைச் சொன்னால், ஒரு வரி பதிலில் நேரம் முடிவாகிவிடும். ‘நாளை’ என்று மட்டும் எழுதாமல் கிழமையோ தேதியோ சேர்ப்பதும் அவசியம். அவர் மறுநாள்தான் படிக்கக்கூடும்.

அழைத்தவர் வெளிநாட்டில் இருந்தால் இரு ஊர் நேரத்தையும் எழுத வேண்டும். ஜூனில் இந்திய நேரம் மாலை 3.30 என்றால் லண்டனில் காலை 11 மணி; டிசம்பரில் அதே 3.30, அங்கே காலை 10 மணி.

அன்றே அனுப்பிவிடுவது நல்லது. இரண்டு வேலை நாள் பதில் இல்லையென்றால், புதிய நேரங்களுடன் இன்னொரு முறை எழுதலாம். சொன்ன நேரங்களை வேறு எதற்கும் கொடுத்துவிடக் கூடாது. ஐபோனில் தெரியாத எண்களை ஒலிக்கவிடாத வசதியை இயக்கியிருந்தால், அந்த நாள்களில் அதை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் இரண்டாவது அழைப்பும் சத்தமில்லாமல் தவறிப்போகும்.