கோட்டிங் மீட்டுத் தரும் ஒளி எது?

புது மூக்குக்கண்ணாடி வாங்கும்போது, "ஏஆர் கோட்டிங் போட்டுடலாமா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். போட்டால் லென்ஸில் மினுமினுப்பு குறையும், பார்வை தெளிவாகும். அந்தக் கோட்டிங் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லென்ஸில் விழும் ஒளியில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே போனதில் கொஞ்சத்தைப் பொருளே உறிஞ்சிக்கொள்ளலாம். கொஞ்சம் உள்ளே சிதறிப்போகலாம். மீதிதான் மறுபக்கம் வருகிறது. இந்த இழப்புகளில் முதலாவதை மட்டுமே கோட்டிங் மீட்டுத் தரும்.

எவ்வளவு ஒளி திரும்பும் என்பதை ஒளிவிலகல் எண் தீர்மானிக்கிறது. வெற்றிடத்தைவிட ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதே அந்த எண். அதை n என்று கொண்டால், ஒரு பரப்பில் திரும்பும் பங்கு இவ்வளவு:

R = ((n − 1)/(n + 1))²

லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு n சுமார் 1.59, எனவே 5 சதவீதம் திரும்பும். ஸ்பினெல் என்ற ஒளிபுகும் செராமிக்குக்கு 1.72, அதில் 7 சதவீதம் திரும்பும். மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடுத் தூளை அழுத்தி, உலையில் சுட்டு ஸ்பினெல் செய்கிறார்கள். குண்டு துளைக்காத ஜன்னல்களுக்கும் அகச்சிவப்புக் கருவிகளின் முகப்புக்கும் அது பயன்படுகிறது. இரண்டு பரப்புகளையும் கணக்கில் எடுத்தால், எந்தக் குறையும் இல்லாத ஸ்பினெல் தட்டுகூட 87 சதவீத ஒளியைத்தான் விடும். பாலிகார்பனேட் 90 விடும்.

1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை பெற்ற வழி, பரப்பின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் படியவைப்பது. இன்றும் அதிகம் பயன்படும் படலப் பொருள் மெக்னீசியம் ஃபுளோரைடு. அதன் n 1.38. படலத்தின் மேல்பக்கத்தில் ஒரு எதிரொளி பிறக்கும், அடிப்பக்கத்தில் இன்னொன்று. அடியிலிருந்து வருவது படலத்தை இருமுறை கடந்தாக வேண்டும். படலத்தின் தடிமன், அதற்குள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், இரண்டாவது எதிரொளி அரை அலை பின்தங்கும். ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அடங்கிவிடும். அந்த ஒளி அழிவதில்லை. திரும்ப வழியில்லாமல் முன்னோக்கிச் செல்கிறது. நம் கண் நன்றாக உணரும் 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குக் கணக்கு:

550 / (4 × 1.38) ≈ 100 நானோமீட்டர்

இரண்டு எதிரொளிகளும் சம வலுவில் இருந்தால்தான் முழுதாக அடங்கும். அதற்குப் படலத்தின் n, அடிப்பொருளின் n-க்கு வர்க்கமூலமாக இருக்க வேண்டும். ஸ்பினெலுக்கு 1.31 தேவை, பாலிகார்பனேட்டுக்கு 1.26. இவ்வளவு குறைந்த எண்ணோடு, தேய்த்தால் தாங்கும் திடப்பொருள் கிடைப்பது அரிது. 1.38 ஸ்பினெலுக்கே நெருக்கம் என்பதால் அங்கே 7 சதவீதம் 0.3 ஆகக் குறைகிறது; பாலிகார்பனேட்டில் 5 சதவீதம் 0.8 வரைதான் இறங்கும். அதிகம் திருப்பி அனுப்பிய செராமிக்குக்கே கோட்டிங்கால் அதிக லாபம்.

தடிமன் தவறினால் கண்ணுக்கே தெரியும். 100 நானோமீட்டர் படலத்தைக் குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் மங்கிய ஊதா மினுக்கம் தெரியும். பச்சை அடங்கி, சிவப்பும் நீலமும் கொஞ்சம் திரும்புவதே காரணம். 120 ஆனால் நீலமாகும், 80 ஆனால் வைக்கோல் நிறமாகும். 200 ஆகிவிட்டால் அந்தப் பச்சை ஒளிக்குப் படலமே இல்லாதது போலத்தான். பழைய எதிரொளிப்பு அப்படியே திரும்பி வந்துவிடும்.

மெக்னீசியம் ஃபுளோரைடு உறுதியாக ஒட்ட அடிப்பொருளைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். ஸ்பினெல் தாங்கும். பாலிகார்பனேட்டோ 150ஐ நெருங்கும்போதே இளகிவிடும். வெப்பத்தில் அது விரிவதும் படலத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பிளாஸ்டிக் லென்ஸில் முதலில் சில மைக்ரோமீட்டர் கனத்தில் கடினமான அரக்குப் பூச்சு. அதன் மேல் குறைந்த வெப்பத்தில் சிலிக்காவும் சிர்கோனியாவும் மாறி மாறிப் பல அடுக்குகள். அப்படியும் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை விட்டுவந்தால், கோட்டிங் வலைபோல நுண்ணிய விரிசல் விடலாம்.

உள்ளே நேரும் இழப்பை எப்படிப் பிரித்தறிவது? பூச்சில்லாத 2 மில்லிமீட்டர் ஸ்பினெல் தட்டு 84 சதவீதம் விடுகிறது, அதே உலையில் சுட்ட 4 மில்லிமீட்டர் தட்டு 81 விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பின் எதிரொளிப்பு தடிமனோடு மாறாது. ஆகவே கூடுதலாகப் போன 3 சதவீதம் உள்ளே போனது. இருட்டறையில் லேசர் கதிரைத் தட்டினுள் செலுத்தி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கதிரின் பாதை பளிச்சென்று தெரிந்தால் அது சிதறல். சுடும்போது மூடாமல் போன நுண்துளைகளின் வேலை. பாதை தெரியாமலே ஒளி குறைந்தால் அது உறிஞ்சல். பிளாஸ்டிக்கில் இதுதான் பெரும்பாலும் தொல்லை: வெயிலில் மஞ்சளித்த பாலிகார்பனேட் நீலத்தை உறிஞ்சுகிறது, அதன்மேல் எந்தக் கோட்டிங் போட்டாலும் மஞ்சள் போகாது.

அந்த 2 மில்லிமீட்டர் ஸ்பினெல் தட்டுக்கு இருபுறமும் படலம் படியவைத்தால் பச்சை ஒளியில் 84 சதவீதம் 96 ஆகும். அதற்கு மேல் வேண்டுமென்றால், உயரழுத்த வாயு நிரம்பிய உலையில் அதே தட்டை மறுபடி சுட்டு, துளைகளை நசுக்கி மூட வேண்டும்.