துக்க வீட்டுக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பது?

நம் ஊர் நிறுவனங்களின் விடுப்பு விதிகளைப் புரட்டினால், பெரும்பாலும் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: "நெருங்கிய உறவினர் இறந்தால், உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கும் பட்சத்தில், நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு, 3 நாட்கள் வரை விடுப்பு வழங்கப்படலாம்."

படிக்கும்போது இதில் குறை எதுவும் தெரியாது. ஒரு சாவு விழுந்த இரவில்தான் இந்த வரி எவ்வளவு கைவிடுகிறது என்பது புரியும்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை. அங்கே வேலை செய்யும் ஓர் இளைஞர், சொந்த ஊர் தென்காசிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். சிறுவயதிலேயே அப்பா தவறிவிட்டார்; படிக்க வைத்து ஆளாக்கியது பெரியப்பா. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 10 மணிக்கு அந்தப் பெரியப்பா இறந்துவிட்டார் என்று போன் வருகிறது. இளைஞர் சூப்பர்வைசரை அழைக்கிறார். சூப்பர்வைசர் நல்லவர்தான். ஆனால் பெரியப்பா "நெருங்கிய உறவினர்" கணக்கில் வருவாரா என்று அவருக்குத் தெரியாது. ஹெச்.ஆர். அதிகாரியைக் கேட்கலாமென்றால் அவர் போன் அணைந்திருக்கிறது. "இப்போதைக்கு சி.எல். போட்டுக்கோங்க தம்பி, வந்து பேசிக்கலாம்" என்கிறார். சி.எல். ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் மூன்று நாள் சம்பளம் பிடிபடுகிறது. அதோடு வருகைக்கான ஊக்கத்தொகையும் போகிறது. பக்கத்துப் பிரிவில் வேறொருவருக்கு இதே போன்ற சாவுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு கிடைத்தது என்பது பிறகு தெரியவரும்போது, அவருக்கு மனம் விட்டுப்போகிறது.

இங்கே யாரும் இரக்கமில்லாமல் நடந்துகொள்ளவில்லை. முன்கூட்டியே ஊருக்கெல்லாம் பொதுவாக எடுத்திருக்க வேண்டிய முடிவை, இரவு 10 மணிக்கு ஒரு சூப்பர்வைசரின் தலையில் கட்டியதுதான் தவறு.

சட்டம் எதுவரை வரும்?

இந்தியாவில் தனியார் துறைக்குப் பொதுவான துக்க விடுப்புச் சட்டம் கிடையாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், தற்செயல் விடுப்பாக ஆண்டுக்கு 12 நாள் தருகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே 12 நாள்தான். ஆகவே, நிறுவனம் தானாக எழுதிக்கொள்ளும் விதிதான் நமக்குச் சட்டம். அந்த விதியின் ஒவ்வொரு சொல்லும் கனமானது.

பிற நாடுகளில் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் நெருங்கிய குடும்பத்தினரைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, ஒவ்வொரு இறப்புக்கும் 3 நாள் தருகிறது. பட்டியலில் இல்லாதவருக்கு 1 நாள். அதை முடிவுசெய்யும்போது எவ்வளவு நெருக்கம், ஈமக்காரியங்களில் அந்த ஊழியருக்குப் பொறுப்பு உண்டா, அவருடைய பண்பாட்டுக் கடமை என்ன என்று பார்க்கச் சொல்கிறது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோருக்கு 2 வார விடுப்பு உண்டு. அதைப் பிரித்து எடுக்கலாம். 56 வாரங்களுக்குள் எடுத்தால் போதும். ஓர் ஆண்டும் இன்னும் சில வாரங்களும் ஆகிறது. முதலாண்டு நினைவு நாளும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்த ஒரு வரியைத் திருத்துவோம்

முதலில் "நெருங்கிய உறவினர்" என்பதை எடுத்துவிட்டு, உறவுகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு மூன்று படிகள் போதும். முதல் படி: அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், கூடவே "உங்களை வளர்த்தவர்". இவர்களுக்கு 7 வேலை நாட்கள். இரண்டாம் படி: தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை, பெரியம்மா, சித்தி, மருமகன், மருமகள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர். இவர்களுக்கு 3 வேலை நாட்கள். மூன்றாம் படி: நண்பர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்தவர் என வேறு யாராயினும் 1 நாள். நாட்களின் எண்ணிக்கையை அவரவர் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். "வளர்த்தவர்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்காத பந்தங்களை அந்த ஒரு சொல்தான் உள்ளே கொண்டுவரும்.

அடுத்து, "வழங்கப்படலாம்" என்பதை "உண்டு" என்று மாற்ற வேண்டும். "ஒப்புதலுக்கு உட்பட்டு" என்பதை "தகவல் சொன்னால் போதும்" என்று மாற்ற வேண்டும். தகவல் போனிலோ வாட்ஸ்அப்பிலோ வரலாம்; ஊழியருக்காக வீட்டில் வேறொருவரும் சொல்லலாம். யார் இறந்தார், எப்போது கிளம்புகிறார், எப்போது திரும்புவார் என்ற மூன்று விவரங்களுக்கு மேல் கேட்கத் தேவையில்லை.

இப்படி எழுதினால் மேலாளரின் அதிகாரம் குறையுமே என்று நிர்வாகங்கள் தயங்குவதுண்டு. அதிகாரம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் போதும்: மேலாளர் நாட்களைக் கூட்டலாம், குறைக்கவோ மறுக்கவோ முடியாது. விதியில் இதை ஒரே வாக்கியமாக எழுதிவிடலாம்: "மேலும் 3 நாள் வரை ஈட்டிய விடுப்பை முன்னறிவிப்பின்றி மேலாளரே அனுமதிக்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் ஹெச்.ஆர். முடிவு செய்யும்." எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்பது மேலாளருக்குத் தெளிவாகிவிடும்.

பதினாறாம் நாளும் கணக்கில் வரவேண்டும்

பல விதிகள் தவறுவது "தொடர்ச்சியாக" என்ற சொல்லில்தான். நம் வீடுகளில் துக்கம் ஒரே நாளில் முடிவதில்லை. தகனமோ அடக்கமோ முதல் நாள். பால் தெளிப்பு மறுநாளோ மூன்றாம் நாளோ. கருமாதி குடும்ப வழக்கப்படி 10, 13 அல்லது 16-ஆம் நாள். 30-ஆம் நாள், 40-ஆம் நாள் பிரார்த்தனை வைக்கும் குடும்பங்கள் உண்டு. கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா காலம் 4 மாதம் 10 நாள். இவ்வளவு காலத்தையும் எந்த நிறுவனமும் சம்பளத்தோடு தர இயலாது. ஆனால் கொடுக்கும் நாட்களைத் தேவைப்படும் நாட்களில் எடுக்க விடலாம். இத்தா போன்ற நீண்ட காலத்துக்குச் சம்பளமில்லா விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கேட்கும் உரிமை உண்டென்று எழுதலாம்.

பொருத்தமான வாசகம் இப்படி இருக்கும்: "இந்த நாட்களைத் தொடர்ச்சியாகவோ பிரித்தோ 60 நாட்களுக்குள் எடுக்கலாம். ஒரு நாளை மட்டும் முதலாண்டு நினைவு நாளுக்காக 13 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம்." திதி கணக்கில் ஆண்டு நினைவு நாள் ஆங்கிலத் தேதியிலிருந்து முன்பின் நகரும். அதற்காகத்தான் அந்தக் கூடுதல் மாதம்.

தென்காசி இளைஞருக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்ப்போம். "என்னை வளர்த்த பெரியப்பா தவறிட்டார், இப்பவே கிளம்புறேன், திங்கட்கிழமை வந்துடுவேன்" என்று செய்தி அனுப்புகிறார். வளர்த்தவர் என்பதால் 7 நாள். புதன் முதல் சனி வரை 4 நாள். ஞாயிறு வார விடுமுறை, கணக்கில் வராது. திங்கள் வேலைக்கு வருகிறார். இறந்த செவ்வாயை முதல் நாளாக வைத்தால், 16-ஆம் நாள் கருமாதி இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை. ஊருக்குப் போகச் செவ்வாயும் காரியத்துக்குப் புதனும் எடுக்கிறார். ஆக 6 நாள். மீதி ஒரு நாள் அடுத்த ஆண்டு திதிக்கு. சூப்பர்வைசர் சொல்லவேண்டியது, "கிளம்புங்க தம்பி, ஷிப்டை நான் பாத்துக்கறேன்" என்பது மட்டும்தான்.

சான்றிதழ் எதை நிரூபிக்கும்?

திரும்பி வந்த அன்றே இறப்புச் சான்றிதழ் கேட்பது பல இடங்களில் வழக்கம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பைப் பதிவுசெய்யவே 21 நாள் அவகாசம் உண்டு. மூன்றாம் நாள் வேலைக்கு வருபவரிடம் அது எப்படி இருக்கும்? இருந்தாலும், இறந்தவரின் பெற்றோர் பெயரும் கணவன் அல்லது மனைவியின் பெயரும்தான் அதில் இருக்கும். தம்பி மகனின் பெயர் இருக்காது. நிரூபிக்க வேண்டிய உறவை அந்தக் காகிதம் நிரூபிப்பதே இல்லை.

ஏமாற்றுகிறவர் இருப்பார் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு ஹெச்.ஆர். பதிவேட்டில் உறவையும் தேதியையும் குறித்து வைத்தால் போதும். ஒரே உறவு மறுபடி வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்போது மட்டும், 30 நாள் கழித்து, கருமாதிப் பத்திரிகையோ அஞ்சலி அறிவிப்போ கேட்கலாம். கேட்பவர் ஹெச்.ஆர். அதிகாரியாக இருக்கவேண்டும். நாளை முதல் அதே ஊழியரோடு சேர்ந்து வேலை செய்யவேண்டிய மேலாளரை இதில் இழுக்கக் கூடாது.

அவசரம் வேறு, துக்கம் வேறு

இரண்டையும் ஒரே விதியில் போட்டால், அம்மாவின் மாரடைப்புக்கு எடுத்த நாட்கள் அவருடைய சாவுக்கான நாட்களைத் தின்றுவிடும். அவசர விடுப்பைத் தனியாக, ஆண்டுக்கு 4 நாள், அரை நாளாகவும் எடுக்கலாம் என்று எழுதுவது நல்லது. நோய்களையும் விபத்துகளையும் பட்டியலிட்டால் பட்டியல் முடியாது. ஒரு அளவுகோல் போதும்: "எதிர்பாராமல் நேர்ந்தது, அன்றே நேரில் கவனிக்காவிட்டால் குடும்பத்தாரின் உயிருக்கோ உடலுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ கேடு வரும்." பள்ளியில் விழுந்து கை முறிந்த பிள்ளை இதில் வரும். கேஸ் சிலிண்டர் வரும் நாள் வராது.

இரண்டும் சந்திக்கும் இடத்தையும் எழுதிவைக்க வேண்டும்: மருத்துவமனையில் இருப்பவர் இறந்துவிட்டால், அன்றோடு அவசர விடுப்பு நிற்கும், மறுநாள் முதல் துக்க விடுப்பு தொடங்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதுபோல ஊரே பாதிக்கப்பட்டால், நிறுவனமே பொதுவாக விடுப்பு அறிவிக்க வேண்டும். தனிநபர் கணக்கில் கழிக்கக் கூடாது.

இன்னும் மூன்று சிறு வரிகள் சேர்ந்தால் விதி முழுமையாகும். இந்த விடுப்பு சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. வருகை ஊக்கத்தொகை இதனால் குறையாது. ஈட்டிய விடுப்பில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால், அந்த நாட்கள் துக்க விடுப்பாக மாற்றப்படும்.

எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யலாம். வெவ்வேறு பிரிவுகளிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்களை அழைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்து, மூன்று நேர்வுகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வளர்த்த பெரியப்பா, நெருங்கிய நண்பர், ஐ.சி.யூ.வில் இருந்து இறந்த தாய். யாருக்கும் போன் செய்யாமல் இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் விதி தயார். பதில்கள் வேறுபட்டால், எந்தச் சொல்லில் வேறுபட்டார்களோ அந்தச் சொல்லைத் திருத்துங்கள்.