427631-க்கு அடுத்தது எது?

தினசரி காலண்டரில் கிழித்துப் போட்ட தாள்களிலிருந்து 1, 2, 3, 4, 6, 7 ஆகிய ஆறு தேதிகளை எடுத்துத் தரையில் வரிசையாக வையுங்கள். 4 2 7 6 3 1 என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். சேர்த்துப் படித்தால் நான்கு லட்சத்து இருபத்தேழாயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று. இதே ஆறு தாள்களை இடம் மாற்றி, இதைவிடப் பெரிய எண்ணாகவும், பெரியவற்றுள் மிகச் சிறியதாகவும் ஒன்றை அமைக்க வேண்டும். அது எது?

ஆறு தாள்களை 720 விதமாக அடுக்கலாம். அவற்றை ஏறுவரிசையில் எழுதி வைத்துக்கொண்டு, 427631-ஐத் தேடி அதன் அடுத்த வரியைப் பார்ப்பது ஒரு வழி. ஆறுக்கு அது சரிப்படும். பன்னிரண்டு பொருள் என்றால் வரிகள் 47,90,01,600. ஒரு பொருளுக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் கணினியின் நினைவகத்தில் 570 கோடி பைட்டுக்கு மேல் இடம் வேண்டும். பட்டியலே இல்லாமல், கண்முன் இருக்கும் அந்த ஒரே வரிசையைக் கலைத்து அடுத்ததாக மாற்ற முடியுமானால் பன்னிரண்டு இடங்களே போதும். நிரல் எழுதுவோர் 'அரே' என்றும் பள்ளிப் பாடநூல் 'அணி' என்றும் சொல்லும் அந்த வரிசையை, இருந்த இடத்திலேயே அடுத்த வரிசைமாற்றமாக்கும் முறை இது. 1356-இல் நாராயண பண்டிதர் எழுதிய 'கணித கௌமுதி'யிலேயே இதன் வேர் இருப்பதாகக் கணினியியல் அறிஞர் டொனால்ட் நூத் குறிப்பிடுகிறார்.

முறைக்குள் போவதற்கு முன், வண்டியின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 3899-க்கு அடுத்து 3900. வலது ஓரத்து இரண்டு 9-களும் உச்சத்தைத் தொட்டுவிட்டன. அவற்றால் இனி ஏற முடியாது. அதனால் அவற்றுக்கு இடப்புறம் உள்ள 8 ஒரு படி ஏறுகிறது, வலப்புறம் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்புகிறது. நம் தாள்களுக்கும் இதே நியாயம்தான். உச்சம் என்பதன் பொருள் மட்டும் சற்று வேறு.

இப்போது 4 2 7 6 3 1-ஐ வலமிருந்து இடமாகப் படியுங்கள். 1, 3, 6, 7 என்று ஏறிக்கொண்டே போகிறது. அதாவது 7 6 3 1 என்ற வால்பகுதி இறங்குவரிசையில் நிற்கிறது. அந்த நான்கு தாள்களை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் 7631-ஐவிடப் பெரியது வராது. வால் உச்சத்தில் இருக்கிறது. 7-க்கு அடுத்து வரும் 2-இல்தான் ஏற்றம் முறிகிறது. ஆகவே மாற வேண்டியது 2. அதற்கும் இடப்புறம் உள்ள 4-ஐத் தொட்டால் தேவைக்கு மேல் தாவிவிடுவோம்.

2-இன் இடத்தில் யாரை உட்கார வைப்பது? வாலில் இருப்பவர்களில் 2-ஐவிடப் பெரியவர், ஆனால் பெரியவர்களில் சிறியவர். வால் இறங்குவரிசையில் இருப்பதால் வலது ஓரத்திலிருந்து பார்த்தால் போதும். 1 சிறியது, விட்டுவிடலாம். அடுத்து 3, அதுதான். 2-உம் 3-உம் இடம் மாறிக்கொள்கின்றன: 4 3 7 6 2 1.

இனி வலப்புறம் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். 43 என்று தொடங்குபவற்றுள் மிகச் சிறியதுதானே நமக்கு வேண்டும். அதற்கு வால் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இந்த முறையின் அழகு எனக்குப் பிடிபட்டது. வாலை வரிசைப்படுத்தத் தனி வேலை எதுவும் செய்ய வேண்டாம். 3 போன இடத்துக்கு 2 வந்தது. அதன் இடப்பக்கம் நிற்கும் 6 எப்படியும் 3-ஐவிடப் பெரியது, அதனால் 2-ஐவிடவும் பெரியது. வலப்பக்கம் நிற்கும் 1-ஐ ஏற்கெனவே சிறியது என்று விட்டுவிட்டு வந்தோம். ஆகவே இடமாற்றத்துக்குப் பிறகும் 7 6 2 1 இறங்குவரிசை குலையாமல் நிற்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பினால் ஏறுவரிசை. 7-உம் 1-உம் மாறட்டும், 6-உம் 2-உம் மாறட்டும். கிடைப்பது 4 3 1 2 6 7. கேள்விக்கு விடை 431267.

இதையே பைத்தானில் எழுதினால்:

```python
def next_permutation(a):
    i = len(a) - 2
    while i >= 0 and a[i] >= a[i + 1]:
        i -= 1
    if i < 0:
        a.reverse()
        return False
    j = len(a) - 1
    while a[j] <= a[i]:
        j -= 1
    a[i], a[j] = a[j], a[i]
    l, r = i + 1, len(a) - 1
    while l < r:
        a[l], a[r] = a[r], a[l]
        l, r = l + 1, r - 1
    return True
```

ஏற்றம் எங்கும் முறியவில்லை என்றால், அதாவது வரிசை 7 6 4 3 2 1 என்றே இருந்தால், அடுத்தது கிடையாது. அப்போது முழு வரிசையையும் திருப்பி 1 2 3 4 6 7 ஆக்கிவிட்டு `False` என்று சொல்கிறது. `return True`-க்கு முந்தைய நான்கு வரிகளைச் சுருக்க `a[i+1:] = a[i+1:][::-1]` என்று எழுதுபவர்கள் உண்டு. விடை சரியாகவே வரும். ஆனால் அது வாலுக்கு ஒரு நகல் எடுக்கிறது. இருந்த இடத்திலேயே என்ற நிபந்தனை போய்விடுகிறது.

நான் ஒருமுறை சறுக்கியது மேலே உள்ள இரண்டு சமக்குறிகளில். எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்தவரை, `>=` என்பதற்குப் பதில் `>` என்றும், `<=` என்பதற்குப் பதில் `<` என்றும் எழுதியிருந்த என் நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரே எண் இரண்டு முறை வந்த நாளில் அது முடியவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: 2 3 1 3, 2 3 3 1, மறுபடி 2 3 1 3, மறுபடி 2 3 3 1.

நடந்தது இதுதான். 2 3 3 1-இல் வலமிருந்து வந்தால் 1, 3, அப்புறம் இன்னொரு 3. இரண்டும் சமம். அந்த 3-இல் ஏற்றம் முறிந்துவிட்டதாக என் நிரல் எடுத்துக்கொண்டது. பிறகு 3-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றியது, எதுவும் மாறவில்லை. அதன்பின் 3 1 என்ற வாலைத் திருப்பி 1 3 ஆக்கியது. வரிசை முன்னே போவதற்குப் பதில் ஒரு படி பின்னே போனது. சமமாக இருப்பது முறிவு ஆகாது. அதையும் தாண்டி 2 வரை போக வேண்டும். அங்கே போனால், வலது ஓரத்திலிருந்து முதலில் கிடைக்கும் பெரிய எண்ணான 3-ஐ மாற்றி 3 3 2 1, வாலைத் திருப்பினால் 3 1 2 3. இரண்டு 3-களில் வலப்புறம் உள்ளதை எடுப்பதும் முக்கியம். இடப்புற 3-ஐ எடுத்திருந்தால் 3 2 3 1 ஆகி, வால் இறங்குவரிசையாக இராது. அதைத் திருப்பினால் 3 1 3 2 வரும். இடையில் இருந்த 3 1 2 3 கணக்கில் வராமலே போய்விடும்.

வேலை எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால், பாதி வரிசைகளில் கடைசி இரண்டு எண்கள் ஏறுமுகமாகவே இருக்கும். அவற்றை மாற்றினாலே தீர்ந்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரை நடந்தால், ஒரு படிக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை இடமாற்றம்தான் ஆகிறது. பொருள் பத்தானாலும் பன்னிரண்டானாலும் இந்தச் சராசரி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

எல்லா வரிசைகளையும் பார்க்க வேண்டுமானால் தொடங்கும் இடம் முக்கியம். சி++ மொழியில் `std::next_permutation` என்ற பெயரில் இதே வேலை ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதற்கு 3 1 2 என்ற வரிசையைக் கொடுத்து, `false` வரும்வரை சுற்றவிட்டால் 312, 321 என்ற இரண்டோடு நின்றுவிடும். விடுபட்ட நான்கைப் பற்றி எந்தப் பிழைச்செய்தியும் வராது. முதலில் ஏறுவரிசையில் அடுக்கி, 1 2 3-இலிருந்து தொடங்கினால் ஆறும் வரும்.